மாடியில் இருக்கும் பாத்திரப் பிரிவு உண்மையில் நஷ்டமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் கடை வைத்திருக்கிறேன். கீழே மளிகையும் ஜவுளியும், மாடியில் பாத்திரமும். வாடகை, கரண்ட், கேஷியர் சம்பளம் என்று மாதம் 1,26,000 ரூபாய் பொதுச் செலவு ஆகிறது. அதை என் மச்சினர் மூன்று பிரிவுக்கும் 42,000 என்று சமமாகப் போட்டதில், பாத்திரத்தில் மாதம் 8,000 நஷ்டம் வருகிறது. பாத்திரத்தை எடுத்துவிட்டு மாடியையும் ஜவுளிக்கே விடலாம் என்கிறார். போன வருடக் கணக்கின் மாதச் சராசரியை இணைத்திருக்கிறேன். எடுத்துவிடலாமா?

பதில்: எடுக்காதீர்கள். தாளில் கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகவே இருக்கிறது. பொதுச் செலவைப் பிரித்த விதம்தான் சரியில்லை. மூன்று பிரிவு இருப்பதால் மூன்றால் வகுப்பது நியாயம்போலத் தெரியும். ஆனால் எந்தப் பிரிவு எவ்வளவு இடம் எடுத்துக்கொள்கிறது, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது, யாருடைய நேரத்தைத் தின்கிறது என்பதை அந்த வகுத்தல் பார்ப்பதே இல்லை.

முதலில் பொதுச் செலவைத் தொடாமல் பாருங்கள். மளிகை மாதம் 9 லட்சம் விற்று 72,000 மொத்த லாபம் தருகிறது. ஜவுளி 6 லட்சம் விற்று 1,50,000. பாத்திரம் 3 லட்சம் விற்று 60,000. அந்தந்தப் பிரிவுக்கென்றே இருக்கும் ஆட்களின் சம்பளமும் பை, கவர் செலவும் அந்தந்தப் பிரிவின் தலையில்தான் விழ வேண்டும். அதைக் கழித்தால் மளிகையிடம் 42,000, ஜவுளியிடம் 1,00,000, பாத்திரத்திடம் 34,000 மிச்சம். இதைப் பிரிவின் சொந்த மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்ணில் யாருடைய அபிப்பிராயமும் கலக்கவில்லை. இதற்குக் கீழே வருவதெல்லாம் பங்கிடும் முறையைப் பொறுத்து மாறக்கூடியவை.

இப்போது வாடகை 60,000. இதைப் பரப்பளவில்தான் பிரிக்க வேண்டும். டேப் பிடித்து அளந்து நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: மளிகை 700 சதுர அடி, ஜவுளி 1,000, மாடியில் பாத்திரம் 600. கல்லா மேஜையும் படிக்கட்டும் எல்லோருக்கும் பொது, அவற்றைச் சேர்க்காதது சரி. ஆனால் ரோட்டைப் பார்த்த கீழ்த்தள அடியும், படியேறிப் போக வேண்டிய மாடி அடியும் ஒரே விலை இல்லை. உங்கள் தெருவில் மாடி தனியாக வாடகைக்குப் போனால் கீழ்த்தளத்தில் பாதிதான் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மாடியின் 600 அடியை 300 ஆக எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 2,000 அடி, அடிக்கு 30 ரூபாய். மளிகைக்கு 21,000, ஜவுளிக்கு 30,000, பாத்திரத்துக்கு 9,000. பாதி என்பதை மச்சினர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், மாடியைக் கீழ்த்தளத்துக்குச் சமமாகவே வைத்துப் போட்டுப் பாருங்கள். பாத்திரத்தின் வாடகை சுமார் 15,650 ஆகும். அப்போதும் பாத்திரம் நஷ்டத்துக்குப் போகாது என்பதைக் கீழே பார்ப்பீர்கள்.

கரண்ட் பில் 18,000. பல கடைகளில் இதை விளக்குப் புள்ளிகளை எண்ணிப் பிரிக்கிறார்கள். விளக்கும் ஃபேனும் மட்டும் இருக்கும் கடைக்கு அது பொருந்தும். உங்கள் கடையில் பில்லை ஏற்றுவது ஜவுளியின் ஏசியும் மளிகையின் ஃப்ரீசரும்தான். மாடியில் டியூப் லைட்டும் நான்கு ஃபேனும். ஒவ்வொரு சாதனத்தின் வாட்டையும் ஓடும் நேரத்தையும் பெருக்கி நீங்கள் அனுப்பிய பட்டியல்படி ஜவுளிக்கு 11,000, மளிகைக்கு 5,000, பாத்திரத்துக்கு 2,000. ஒரு தடவை செலவு செய்து பிரிவுக்கு ஒரு சப்-மீட்டர் மாட்டிவிட்டால் பிறகு இந்த வாதமே வராது.

பொது ஆட்களின் சம்பளம் 36,000. இதில்தான் பெரும்பாலான கணக்குகள் தடுக்கி விழுகின்றன. மூன்று பேருக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது. கேஷியருக்கு ஒரு லட்ச ரூபாய்ப் பட்டுச்சேலை பில்லும் நாற்பது ரூபாய்ப் புளி பில்லும் கிட்டத்தட்ட ஒரே வேலை. அதனால் அவர் சம்பளம் 15,000-ஐ விற்பனைத் தொகையில் பிரிக்காமல் பில்களின் எண்ணிக்கையில் பிரிக்க வேண்டும். நூறு பில்லில் எழுபது மளிகை, இருபது ஜவுளி, பத்து பாத்திரம் என்றால் 10,500, 3,000, 1,500. வாட்ச்மேன் காவல் காப்பது சரக்கை. அவருடைய 12,000-ஐ சராசரிச் சரக்கு மதிப்பில், மளிகை 6 லட்சம், ஜவுளி 18, பாத்திரம் 12 என்ற கணக்கில் பிரித்தால் 2,000, 6,000, 4,000. மூட்டை தூக்கும் ஆளின் 9,000-ஐ அவர் எங்கே எத்தனை நாள் வேலை பார்க்கிறார் என்று ஒரு மாதம் நோட்டில் குறித்துப் பிரியுங்கள். நீங்கள் சொன்னதை வைத்து மளிகைக்கு 6,000, ஜவுளிக்கு 2,000, பாத்திரத்துக்கு 1,000 போட்டிருக்கிறேன். இன்சூரன்ஸ் 3,000-மும் சரக்கு மதிப்பில். கடையின் பெயரில் பொதுவாகப் போகும் விளம்பரம் 9,000 விற்பனை விகிதத்தில்.

மொத்தத்தையும் சேர்த்தால் இப்படி வருகிறது (மாதத்துக்கு, ரூபாயில்):

| | மளிகை | ஜவுளி | பாத்திரம் |
|---|---|---|---|
| சொந்த மிச்சம் | 42,000 | 1,00,000 | 34,000 |
| பொதுச் செலவில் பங்கு | 49,500 | 56,500 | 20,000 |
| நிகரம் | −7,500 | 43,500 | 14,000 |

நஷ்டம் மாடியிலிருந்து இறங்கி மளிகைக்கு வந்துவிட்டது. கடையின் மொத்த லாபம் மட்டும் அதே 50,000. பொதுச் செலவு முழுவதையும் விற்பனை விகிதத்தில் பிரித்திருந்தால் மளிகை 21,000 நஷ்டம் காட்டும், பாத்திரம் 13,000 லாபம் காட்டும், மொத்தம் அப்போதும் 50,000-தான். அதனால்தான் கடைசி வரியை மட்டும் பார்த்து ஒரு பிரிவை மூட வேண்டாம் என்று யாரிடமும் அழுத்திச் சொல்வேன்.

மூடலாமா என்று முடிவெடுக்க வேறு ஒரு கேள்வி கேட்க வேண்டும். பாத்திரம் போய்விட்டால் எந்தச் செலவு உண்மையிலேயே நிற்கும்? இரண்டு விற்பனையாளர்களின் சம்பளம் நிற்கும், அதை ஏற்கெனவே கழித்துவிட்டோம். மாடிக் கரண்ட் 2,000, இன்சூரன்ஸில் 1,000 நிற்கலாம். வாட்ச்மேன் வேண்டும், கேஷியர் வேண்டும். ஓனர் மாடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வாடகையைக் குறைக்கப் போவதில்லை என்றும் சொல்கிறீர்கள். ஆக 34,000 மிச்சத்தை இழந்து 3,000 சேமிப்பீர்கள். 50,000 லாபம் 19,000 ஆகிவிடும். இதே கேள்வியை மளிகைக்கும் கேளுங்கள். தாளில் 7,500 நஷ்டம் என்று நின்றாலும், மூடினால் 42,000 போகும், நிற்பது ஃப்ரீசர் கரண்டும் மூட்டைக்காரர் செலவில் ஒரு பகுதியும் மட்டுமே.

மாடியை ஜவுளிக்குக் கொடுப்பது தனி விஷயம், அதைத் தள்ளிவிட மாட்டேன். பாத்திரத்தின் 60,000 மொத்த லாபத்தை ஜவுளி ஈடு கட்ட வேண்டும். நூற்றுக்கு இருபத்தைந்து கிடைக்கும் ஜவுளியில் அதற்கு மாதம் 2,40,000 கூடுதலாக விற்க வேண்டும், அதாவது தினமும் 8,000. அதுவும் அதே இரண்டு ஆட்களை வைத்து, மாடிக்கு ஏசி போடாமல். இப்போதைய ஜவுளி விற்பனையில் நாற்பது சதவீதம் கூட வேண்டும் என்பது இதன் பொருள். சேலை பார்க்கிறவர்கள் மாடிக்கு ஏறுவார்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒரு பக்கச் சுவரில் ரேக் அடித்து ஒரு சீசன் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். 12 லட்ச ரூபாய்ப் பாத்திரத்தை அவசரத்தில் தள்ளினால் எடைக் கணக்கில்தான் கேட்பார்கள்.

உங்கள் தாளில் இன்னொன்று கண்ணில் பட்டது. ஆடித் தள்ளுபடியில் 2,000 ரூபாய்க்குத் துணி எடுத்தவர்களுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்திருக்கிறீர்கள். 200 டப்பா, அசல் 80 ரூபாய், மொத்தம் 16,000. அவை பாத்திரச் சரக்கிலிருந்து இறங்கியிருக்கின்றன, விற்பனை எங்கும் ஏறவில்லை. அதனால் அந்த 16,000-மும் பாத்திரத்தின் மொத்த லாபத்தைத் தின்றிருக்கிறது. விற்றது துணி, அதனால் இது ஜவுளியின் விளம்பரச் செலவு. மாடியிலிருந்து டப்பா கீழே இறங்கும்போதே, அசல் விலையில், பாத்திரத்துக்கு வரவு, ஜவுளிக்குப் பற்று என்று ஒரு பிரிவு மாற்றுச் சீட்டு எழுதுங்கள். விற்பனை விலையில் எழுதினால் ஆண்டு முடிவில் ஜவுளியிடம் மீதி இருக்கும் டப்பாக்களில் இன்னும் சம்பாதிக்காத லாபம் உட்கார்ந்துகொள்ளும், அதற்கு ஒதுக்கீடு செய்ய வேண்டி வரும். உங்கள் அளவுக்கு அசல் விலையே போதும்.

மாதச் சராசரி அனுப்பியது நல்லதாகப் போயிற்று. ஆடி மாதத் தாளை மட்டும் அனுப்பியிருந்தால் கல்யாணமே இல்லாத மாதத்தில் சீர்வரிசைப் பாத்திரத்தை எடை போட்டிருப்போம். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஜவுளி ஓடும், தையிலும் வைகாசியிலும் அண்டாவும் குடமும் ஓடும். பிரிவுகளை ஒப்பிட முழு வருடம் வேண்டும்.

கடன் வட்டியையும் வருமான வரியையும் பிரிவுகளுக்குப் பங்கிடாமல் விட்டிருக்கிறீர்கள், அது சரி. கடன் மொத்தக் கடைக்கும் வாங்கியது. அதைப் பிரிக்க நியாயமான அளவுகோல் கிடையாது, பொது லாப நட்டக் கணக்கிலேயே இருக்கட்டும். வருமான வரிக்கும் மூன்று பிரிவும் ஒரே தொழில்தான்.

டேலியில் F11 அழுத்தி Enable Cost Centres என்பதை Yes ஆக்கி, மூன்று பிரிவுக்கும் மூன்று Cost Centre போட்டால் கொள்முதலும் விற்பனையும் சம்பளமும் பதியும்போதே பிரிந்து நிற்கும். பொதுச் செலவின் அளவுகோல்களை ஒரு தாளில் எழுதி, மச்சினரும் நீங்களும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். வருடத்தின் நடுவே மாற்றினால் போன மாதத்தோடு ஒப்பிட முடியாது. எல்லாவற்றுக்கும் முன்னால் மார்ச் 31 இரவு மூன்று பிரிவின் சரக்கையும் தனித்தனியாக எண்ண வேண்டும். பாத்திரத்தை எண்ணும்போது மாடிப் படிக்கு அடியில் அடுக்கியிருக்கும் மீதி டிபன் பாக்ஸ்களையும் எண்ணி, எந்தப் பிரிவின் கணக்கில் நிற்கிறதோ அங்கே எழுதுங்கள்.