புது ஆபரேட்டர் தனியாகச் செய்யும்படி படத்தோடு வேலைக் குறிப்பு எழுதுவது

கேள்வி: எங்கள் சிஎன்சி லேத்தில் புது ஆளைப் போட்டால் பக்கத்தில் யாராவது நின்றுகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. படம் போட்டு வேலைக் குறிப்பு எழுதி மாட்டியும் பார்த்துவிட்டோம், யாரும் அதைப் பார்ப்பதில்லை. எப்படி எழுதினால் உபயோகப்படும்?

பதில்:

முழு மெஷினுக்கும் சேர்த்து ஒரே குறிப்பு எழுதாதீர்கள். புது ஆள் எந்த இடத்தில் கையை நிறுத்திவிட்டு உங்களைத் தேடுகிறார் என்று ஒரு ஷிஃப்ட் கவனியுங்கள். ஜாப் மாட்டுவதும் சைக்கிள் ஸ்டார்ட் அழுத்துவதும் இரண்டு நாளில் பழகிவிடும். லேத்தில் ஆள் தடுமாறுவது பெரும்பாலும் இன்சர்ட் தேய்ந்து அளவு ஏறும்போது, ஆஃப்செட் திருத்தும் வேலையில். அதற்கு மட்டும் ஒரு தாள் போடுங்கள். ஃபானக் கன்ட்ரோலை வைத்துச் சொல்கிறேன்.

வெளி விட்டம் 25.00, டாலரன்ஸ் ±0.02 என்று வைத்துக்கொள்வோம். "அளவு கூடினால் ஆஃப்செட்டைத் திருத்தவும்" என்று எழுதினால் அது தெரிந்தவருக்குத்தான் புரியும். எத்தனை ஜாப்புக்கு ஒருமுறை அளப்பது, எந்த அளவு வந்தால் கை வைப்பது என்று எண்ணாக எழுத வேண்டும்: 25.010 வரை ஓட்டு. அதைத் தாண்டி 25.020 வரை திருத்து, 25.020-ஐத் தாண்டினால் ஜாப்பைச் சிவப்பு டப்பாவில் போட்டு, மெஷினை நிறுத்திக் கூப்பிடு. முந்தைய ஜாப்பைவிட அளவு திடீரென்று குதித்தாலும் நிறுத்தத்தான் வேண்டும். அது சாதாரணத் தேய்மானமாக இருக்காது, இன்சர்ட் முனை உடைந்திருக்கலாம். அங்கே ஆஃப்செட் கொடுத்து ஓட்டினால் அடுத்த ஜாப்பும் போகும்.

முதல் படம் அளக்கும் இடம். மைக்ரோமீட்டர் ஜாப்பின் எந்தப் பகுதியில் உட்கார வேண்டும் என்பது கையோடு சேர்ந்து தெரிய வேண்டும். ஓரத்துப் பிசிறில் வைத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். படத்துக்கடியில் "துடை, ஆறவிடு, பிறகு அள" என்று எழுதி, ஏன் என்பதையும் சேர்த்துவிடுங்கள்: 25 மில்லிமீட்டர் எஃகு வழக்கத்தைவிட 20 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால் சுமார் 0.006 பெரிதாகக் காட்டும். காரணம் தெரியாத விதியை அவசரத்தில் முதலில் விட்டுவிடுவார்கள்.

அடுத்தது ஸ்கிரீன். இங்கே மூன்று தவறு வரும், மூன்றுக்கும் தனித்தனிப் படம் வேண்டும்.

ஒன்று, பக்கம் மாறுவது. தேய்மானத் திருத்தத்தை WEAR பக்கத்தில்தான் போட வேண்டும், GEOM பக்கத்தில் இல்லை. WEAR பக்கத்தில் வரிசை W 03 என்றும் GEOM பக்கத்தில் G 03 என்றும் வரும். அந்த W எழுத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போடுங்கள். இரண்டு, டூல் வரிசை மாறுவது. புரோகிராமில் T0303 என்று இருந்தால் கடைசி இரண்டு இலக்கம்தான் ஆஃப்செட் எண். புரோகிராம் வரியையும் W 03 வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

மூன்றாவதுதான் அதிகம் கெடுப்பது: +INPUT-க்குப் பதில் INPUT அழுத்துவது. அளந்தது 25.015, W 03-ல் X ஏற்கெனவே -0.040. -0.015 அடித்து +INPUT அழுத்தினால் பழையதோடு கூடி -0.055 ஆகும், ஜாப் 25.000-க்கு வரும். INPUT அழுத்தினால் பழைய மதிப்பு அழிந்து வெறும் -0.015 நிற்கும், ஜாப் 25.040 ஆகி வெளியே போகும். திருத்தியும் அளவு ஏறுகிறதே என்று ஆள் குழம்பி இன்னொரு முறை திருத்துவார். இந்தக் கணக்கைத் தாளிலேயே போட்டு, 'முன்', 'பின்' என்று இரண்டு ஸ்கிரீன் படம் ஒட்டுங்கள். "-0.055 தெரியாவிட்டால் ஸ்டார்ட் அழுத்தாதே" என்ற வரி அந்தப் படத்துக்கடியிலேயே இருக்கட்டும். புள்ளியோடுதான் அடிக்க வேண்டும் என்பதும் அங்கே வேண்டும். புள்ளி இல்லாத எண்ணை மைக்ரானாக எடுப்பதா மில்லிமீட்டராக எடுப்பதா என்பது மெஷினின் பாராமீட்டரைப் பொறுத்தது.

படம் எடுக்கும்போது ஆபரேட்டர் நிற்கும் இடத்தில், அவர் கண் உயரத்தில் நின்று எடுங்கள். எதிரே நின்று எடுத்தால் இடது வலது மாறிவிடும். ஃபிளாஷ் வேண்டாம், சக்கும் ஸ்கிரீனும் பளபளத்து எழுத்து மறைந்துபோகும். நெருக்கத்தில் எடுத்த பட்டன் எங்கே இருக்கிறதென்று புரியாது. அதனால் பேனல் முழுதும் தெரியும் சின்னப் படம் ஒன்றில் அந்த இடத்தை மட்டும் குறித்துக் கூடவே வையுங்கள். ஒரு படத்தில் ஒரே அம்புக்குறி போதும்.

தாளை ஆஃபீஸ் பலகையில் மாட்டினால் யாரும் பார்க்கத்தான் மாட்டார்கள். லேமினேட் செய்து கன்ட்ரோல் பேனலுக்குப் பக்கத்தில், கூலன்ட் தெறிக்காத இடத்தில் மாட்டுங்கள்.

பிறகு ஆஃப்செட்டே தொடாத ஒருவரிடம் தாளைக் கொடுங்கள். எமர்ஜென்சி ஸ்டாப்புக்கு எட்டும் தூரத்தில் வாயைத் திறக்காமல் நில்லுங்கள். அவர் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் தாளில் ஒரு வரியோ படமோ குறைகிறது. அதைக் குறித்துக்கொண்டு திருத்தி, அடுத்த முறை வேறு ஆளிடம் கொடுங்கள். முதல் ஆளுக்குத்தான் இப்போது தெரிந்துவிட்டதே.