வேலை போனதைச் சொந்தக்காரர்களிடம் எப்படிச் சொல்வது?

"வயது 39. துரைப்பாக்கத்தில் ஒரு ஐடி கம்பெனியில் டெஸ்டிங் லீடாக இருந்தேன். ஏழு வாரம் முன்பு வேலை போய்விட்டது. மனைவிக்கு மட்டும்தான் தெரியும். காலை எட்டரைக்கு லேப்டாப் பையோடு கிளம்பி, கோட்டூர்புரம் நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு இரவுதான் வீடு திரும்புகிறேன். பெரியப்பாவின் போன் வந்தாலே நெஞ்சு படபடக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துவிடுகிறேன். கூடவே இருக்கும் அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. மூன்று வாரத்தில் கூடுவாஞ்சேரியில் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம், எல்லோரும் வருவார்கள். 'ஐயோ பாவம்' என்று பார்க்காமல், ஆளுக்கொரு யோசனை சொல்லாமல் இருக்கும்படி எப்படிச் சொல்வது டாக்டர்? படபடப்புக்கு மாத்திரை உண்டா?"
— வாசகர், மேடவாக்கம்

மாத்திரை விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம். மேடை ஏறப் பயப்படுகிறவர்களுக்குப் படபடப்பைக் குறைக்க ப்ரோப்ரனலால் என்ற மாத்திரையை நாங்கள் எழுதித் தருவதுண்டு. ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சை இறுக்கிவிடும், நாடித்துடிப்பு குறைவாக உள்ளவருக்கும் ஆகாது. அதனால் தெரிந்தவர் சொன்னார் என்று வாங்கிப் போட வேண்டாம். ஒரு ஈசிஜி எடுத்து, ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். ரத்தசோகையிலும் தைராய்டு அதிகம் சுரந்தாலும் இதே படபடப்பு வரும். ஒரு நாளைக்கு எத்தனை காபி ஆகிறது என்றும் எண்ணிப் பாருங்கள். மாடி ஏறும்போது நெஞ்சில் அழுத்தமோ, மயக்கமோ, இடது கைக்கு இறங்கும் வலியோ வந்தால் அது வேறு கதை. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆனால் உங்கள் படபடப்பு மாடி ஏறும்போது வருவதாக நீங்கள் எழுதவில்லை. பெரியப்பாவின் பெயர் போனில் தெரியும்போது வருகிறது. அப்போது என்ன செய்கிறீர்கள்? எடுக்காமல் விட்டிருப்பீர்கள், அல்லது "மீட்டிங்ல இருக்கேன் பெரியப்பா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்திருப்பீர்கள். வைத்த உடனே ஒரு நிம்மதி வந்திருக்கும். அந்த நிம்மதியில்தான் சிக்கல். தப்பித்ததால் பிழைத்தோம் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை மணி அடிக்கும்போது இன்னும் கொஞ்சம் அதிகமாகவே பயந்து வைக்கிறது. ஏழு வாரமாக இந்தப் பாடம் நடக்கிறது. பயம் உச்சிக்குப் போனாலும், அங்கேயே நின்றால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக இறங்கத் தொடங்கும். உச்சியிலேயே போனை வைத்துவிடுகிறவருக்கு அது இறங்குவதைப் பார்க்க வாய்ப்பே கிடைப்பதில்லை. முதல் ஆளிடம் சொல்லும்போது குரல் நடுங்கும். மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது அதே வாக்கியம் உங்களுக்கே சலிப்பாக இருக்கும். நான் பார்த்தவரை அநேகமாக எல்லோருக்கும் இப்படித்தான் நடந்திருக்கிறது.

இனி சொல்லும் விதம். நம் குடும்பங்களில் வேலை போன செய்தியைத் துக்கம் விசாரிப்பது போலத்தான் விசாரிப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். "எப்படி ஆச்சு, எப்ப ஆச்சு, இனிமே என்ன பண்ணப் போறே?" என்று கேட்பார்கள். உங்களிடம் பதில் இல்லாத இடத்தில் அவர்கள் பதில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அறிவுரை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதுதான். செய்தியை அரைகுறையாகச் சொன்னால், மீதியை அவர்களே நிரப்பிவிடுகிறார்கள்.

என்னிடம் வந்த ஒரு பெண்மணியின் கதையை அடையாளம் மாற்றிச் சொல்கிறேன். அம்பத்தூரில் வீடு, வயது 42, ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பதினான்கு வருட வேலை போயிருந்தது. முதலில் சித்தப்பாவிடம் சொன்னார், அதுவும் ஒரு கல்யாண வரவேற்பில், சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருந்த நேரத்தில். மேனேஜர் செய்த அநியாயத்தை இருபது நிமிடம் விவரித்து, முடிக்கும்போது அழுதுவிட்டார். மறுநாள் மாலைக்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று வேலை விளம்பரங்கள், ஜாதகம் அனுப்பச் சொல்லி ஒரு செய்தி, சனிப்பெயர்ச்சிப் பரிகாரம் ஒன்று. ஒரு மாமா, "அப்பவே பேங்க் எக்ஸாம் எழுதச் சொன்னேன்" என்றார். இந்த அம்மா போனை அணைத்துவிட்டு ஒன்பது நாள் யாரிடமும் பேசவில்லை. தூக்கம் போன பிறகுதான் என்னிடம் வந்தார்.

அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. சொன்ன இடம் தவறு, சொன்ன அளவும் தவறு. அநியாயத்தை விவரித்தால் கேட்பவருக்குப் பரிதாபப்படுவதைத் தவிர வேறு வேலை இல்லை. அந்தக் கதையை ஒரு நண்பரிடமோ என்னைப் போன்ற ஒருவரிடமோ முழுதாகச் சொல்லி அழுதுவிடுங்கள், அது வேண்டும். சொந்தக்காரர்களுக்கு வேறு ஒன்று தயார் செய்ய வேண்டும்.

நாங்கள் இருவரும் உட்கார்ந்து எழுதியது நான்கு வாக்கியம்தான். அதைப் பெரம்பூரில் இருக்கும் அவருடைய மூத்த அத்தையிடம், காலை பதினோரு மணிக்கு, சமையல் வேலை ஓய்ந்த நேரம் பார்த்து போனில் சொன்னார். "அத்தை, எல்லாரும் நல்லா இருக்கோம், உடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. எங்க ஆபீஸ்ல ஆள் குறைச்சாங்க, அதுல என் வேலையும் போயிடுச்சு. ஆறு மாசத்துக்குச் செலவுக்கு இருக்கு, நான் வேற இடம் பார்த்துக்கிட்டு இருக்கேன். பொங்கலுக்கு வரும்போது என்ன ஆச்சுன்னு நானே சொல்றேன், அதுவரைக்கும் யாரும் கேட்க வேணாம்னு நீங்களே எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

இதில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் வீடுகளில் நேரங்கெட்ட நேரத்தில் போன் வந்து ஒருவர் தயங்கினாலே யாரோ போய்விட்டார்கள் என்றுதான் பெரியவர்கள் நினைப்பார்கள். அந்தத் திகிலை முதல் வாக்கியம் எடுத்துவிடுகிறது. இரண்டாவது, காரணத்தைச் சொல்லி அங்கேயே நிறுத்துகிறது. மூன்றாவது, சோற்றுக்கு என்ன செய்வார்களோ என்ற கவலையைத் தீர்க்கிறது. பரிதாபத்துக்கு வேர் அந்தக் கவலைதான். அந்த மாதக் கணக்கு உண்மையாக இருக்க வேண்டும். இரண்டு மாதம்தான் தாங்கும் என்றால் எண்ணைச் சொல்லாமல், "செலவைக் குறைச்சுக்கிட்டோம், சமாளிக்கிறோம்" என்று சொன்னால் போதும். நான்காவதுதான் முக்கியம். ஒரு தேதி தருகிறது, ஒரு வேலையும் தருகிறது. உதவி செய்யத் துடிக்கிற அத்தைக்கு உண்மையாகவே செய்ய ஒரு உதவி கிடைத்துவிட்டது. அன்று மாலைக்குள் பதினோரு வீட்டுக்கும் அவரே சொல்லி முடித்தார். "பொங்கல் வரைக்கும் அவளை யாரும் நச்சரிக்கக் கூடாது" என்பதும் சேர்ந்தே போனது. அதன் பிறகும் ஒருவர் மட்டும் கேட்டார், ஒருவர் கேட்கத்தான் செய்வார்.

உங்கள் விஷயத்தில் அப்பாதான் முதல். இந்தச் சனி அல்லது ஞாயிறு காலை, டிபன் சாப்பிட்டு அவர் மாத்திரை போட்ட பிறகு, மனைவியும் கூட இருக்க, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். இரவில் வேண்டாம், அவர் தூக்கம் கெடும். ஸ்டென்ட் வைத்து, மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு நடமாடுகிற ஒருவர், மகன் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்வதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்வார். புதிதாக நெஞ்சு வலி, மூச்சு வாங்கல் ஏதாவது இருந்தால் மட்டும் முதலில் அவருடைய இதய மருத்துவரிடம் காட்டிவிட்டுச் சொல்லலாம். கூடுவாஞ்சேரியில் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "பையனுக்கு வேலை போயிடுச்சாமே" என்று கேட்டு அவர் தெரிந்துகொள்வதைத்தான் நான் பயப்படுகிறேன்.

அவருக்கு உடனே தெரிய வேண்டியதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அவருடைய மருத்துவக் காப்பீடு உங்கள் கம்பெனியின் குரூப் பாலிசியில் இருந்ததா? இருந்தால், பல கம்பெனிகளில் அது கடைசி வேலை நாளோடு நின்றுவிடுகிறது. ஒரு ராத்திரி நெஞ்சு வலி என்று போய், அந்தப் பழைய அட்டையை அவர் மருத்துவமனையில் நீட்டக் கூடாது. எந்தத் தேதி வரை காப்பீடு உண்டு என்று எச்ஆருக்கு மெயில் போட்டு எழுத்தில் வாங்குங்கள். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற வழி உண்டு. ஆனால் பெரும்பாலும் காப்பீடு முடிவதற்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும், அவர்கள் மறுக்கவும் கூடும். நீங்கள் ஏழு வாரம் தாண்டிவிட்டதால் இதைத் திங்கட்கிழமையே கேளுங்கள்.

அப்பாவுக்கு அடுத்து, நீங்கள் பயப்படுகிற அந்தப் பெரியப்பாவே உங்கள் பெரம்பூர் அத்தையாக இருக்க முடியுமா என்று யோசியுங்கள். அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள் என்றால் அவரிடமே கொடுங்கள். அவர் எதையும் பெரிதாக்குகிறவர் என்றால் வேறு மூத்தவர் ஒருவரைப் பாருங்கள். எப்படியானாலும் கிரகப்பிரவேசத்துக்குப் பத்து நாளாவது முன்பே சொல்லிவிடுங்கள். செய்தி பழசாக அவ்வளவு நாள் வேண்டும். தம்பிக்கும் அதற்கு முன்பே தெரிய வேண்டும், அவன் வீட்டு விசேஷம்.

நான்கு வாக்கியத்தையும் எழுதி வைத்துப் படிக்காதீர்கள், படிப்பது போனில் தெரிந்துவிடும். மனைவியிடம் ஐந்தாறு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கூப்பிடுவதற்கு முன் இரண்டு நிமிடம், மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும். பேசும்போது குரல் உடைந்தால் உடையட்டும். "கொஞ்சம் இருங்க பெரியப்பா" என்று நிறுத்தி, மூச்சு விட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். போனை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

"வேலையை விட்டுட்டேன், சொந்தமா ஏதாவது பண்ணலாம்னு இருக்கேன்" என்று சொல்ல மனம் தூண்டும். வேண்டாம். என்ன பிசினஸ் என்று அடுத்த கேள்வி வரும், அதற்கு ஒரு பொய், அதற்கு இன்னொன்று. இப்போது பெரியப்பாவின் போனுக்கு மட்டும் பயப்படுகிறீர்கள், அப்புறம் எல்லோருடைய போனுக்கும் பயப்பட வேண்டியிருக்கும்.

மூன்று மணி விழிப்பு, சொல்லி முடித்த பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் தளர வேண்டும். அப்படித் தளராமல், நாள் முழுக்க எதிலும் பிடிப்பில்லாமல், பசி குறைந்து, இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அருகிலுள்ள மனநல மருத்துவரைப் பாருங்கள். தூக்க மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கக் கூடாது. வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் காத்திருக்காமல் மனைவியிடம் சொல்லுங்கள். டெலிமானஸ் 14416-ஐயும் கூப்பிடுங்கள். எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கிரகப்பிரவேசத்தன்று யாராவது தோளில் கை வைத்து, "என்னப்பா, கேள்விப்பட்டேன், என் ஃப்ரெண்டு ஒருத்தர் கம்பெனி வச்சிருக்கார்" என்று தொடங்குவார். விவாதிக்க வேண்டாம். "சரிங்க மாமா, அவர் நம்பரை வாட்ஸ்அப்ல அனுப்பி வைங்க, தேவைப்பட்டா நானே பேசறேன்" என்று சொல்லுங்கள். அனுப்பச் சொன்னதிலேயே அவருக்கு மனம் நிறைந்துவிடும். அதோடு பால் பாத்திரத்தை எடுத்து வைப்பதோ, இலை போடுவதோ, ஏதாவது ஒரு வேலையைக் காலையிலேயே தம்பியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கையில் வாளியோடு சாம்பார் ஊற்றிக்கொண்டு போகிறவரை யாரும் நிறுத்தி விசாரிப்பதில்லை.