பேஸ்லிப்ல "அதர் டிடக்ஷன்"னு ஒரே வரியில பிடிச்சிட்டாங்களா?

கேள்வி: கடலூர்ல இருந்து கிருமாம்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனிக்கு டெய்லி போயிட்டு வரேன் சார். கிராஸ் 18,600. இந்த மாசம் "அதர் டிடக்ஷன்"னு 1,860 பிடிச்சிருக்காங்க, நான் லீவே போடல. கேட்டா "சிஸ்டம்ல அப்படித்தான் வருது"ங்கறாங்க. என்ன பண்றது?

பதில்: தம்பி, மொதல்ல உங்க ஒருநாள் சம்பளத்த பாருங்க. 18,600-ஐ 30-ஆல வகுத்தா 620, அப்போ 1,860 கரெக்டா மூணு நாள் சம்பளம். இப்படி மிச்சமே இல்லாம வகுபட்டா பெரும்பாலும் அது அட்டெண்டன்ஸ் பிடித்தம்தான்.

அடுத்து பெய்டு டேஸ், பிஎஃப் ரெண்டையும் பாருங்க. முறையா லாஸ் ஆஃப் பே போட்டிருந்தா பெய்டு டேஸ் 27னு இருக்கும், பேசிக்கும் குறையும், அதோட பிஎஃப்பும் குறையும். பேசிக் 12,000னு வச்சுக்குவோம், 12 சதவீதம் 1,440 வரும், 27 நாளைக்குன்னா பேசிக் 10,800, பிஎஃப் 1,296தான். உங்க ஸ்லிப்ல பிஎஃப் முழுசா அப்படியே இருந்து கீழ தனியா 1,860 நிக்குதுன்னா, அது பெரும்பாலும் சிஸ்டம் போட்டதா இருக்காது, யாரோ கையால போட்ட தொகையா இருக்கும்.

நான் பாத்த வரைக்கும் இதுக்குப் பின்னாடி நிறைய தடவை இருக்கறது லேட் பஞ்ச்தான், மூணு லேட்டுக்கு ஒருநாள் கட்னு கம்பெனியே ஒரு ரூல் வச்சிருக்கும். ஆனா வராத நேரத்துக்கு மட்டும்தான் சம்பளத்த பிடிக்க சட்டம் விடுது. பஸ் லேட்டாகி மூணு நாள் பதினஞ்சு பதினஞ்சு நிமிஷம் போச்சுன்னா முக்கால் மணி நேரம்தான், ஒருநாள் இல்ல. அதுக்கு மேல எடுத்தா அது அபராதம், அபராதம்னா முன்னாடியே உங்ககிட்ட விளக்கம் கேட்டிருக்கணும், அதுவும் அந்த மாச சம்பளத்துல 3 சதவீதத்த தாண்டக்கூடாது, உங்களுக்கு 558 ரூபா.

வாய்ல கேக்காதீங்க, ஹெச்ஆருக்கு மெயில் போடுங்க, சண்டை வார்த்தை எதுவும் வேணாம், இவ்ளோ போதும்: "இந்த மாத பேஸ்லிப்பில் அதர் டிடக்ஷன் ரூ.1,860 எந்தெந்த காரணத்துக்கு, எந்தெந்த தேதிக்கு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்ற முழு விவரமும், எனது பஞ்ச் ரிப்போர்ட்டும் ஏழு நாளுக்குள் தரவும்." தேதி கேக்கறதுதான் முக்கியம், தேதி வந்தாதான் அன்னைக்கு நீங்க வேலைல இருந்தீங்களான்னு ஒப்பிட முடியும். அட்டெண்டன்ஸ் கணக்கு 21-ல இருந்து 20 வரைக்கும்னு நிறைய இடத்துல ஓடுது, அதனால போன மாசக் கடைசில எடுத்த லீவு இப்போ வந்திருக்கலாம், அதையும் மறக்காம பாத்துக்குங்க.

பதிலே வரலன்னா மெயில் காப்பி, ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மெண்ட் மூணையும் எடுத்துக்கிட்டு புதுச்சேரி தொழிலாளர் துறைக்கு போங்க, கிருமாம்பாக்கம் புதுச்சேரில தான் வருது. வீடு கடலூர்ல இருக்குன்னு கடலூர் ஆபீசுக்கு போய் அலையாதீங்க, வேலை செய்யற இடம் எந்தப் பக்கமோ அங்கதான் மனு எடுப்பாங்க.