நைட் டூட்டியில் அடி எந்த நேரத்தில் விழுகிறது?

கேள்வி: என் தங்கைக்கு நீலகிரியில் ஒரு அரசு மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. நைட் டூட்டியில் நோயாளியோடு வருகிறவர்கள் தகராறு செய்தால் என்ன செய்வது? முன்கூட்டியே தடுக்க வழி உண்டா?

உங்கள் தங்கை அவசர சிகிச்சைப் பிரிவில்தான் இருப்பார், இரவில் ஒரே ஒரு டாக்டர்தான் உடன் இருப்பார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதே மலையில் தாலுகா அளவிலான ஒரு மருத்துவமனையில் நான் ஸ்டாஃப் நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரிகளில் இருப்பவர்களுக்கு வேறு அனுபவம் இருக்கலாம்.

முதலில் ஒன்று. நோயாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கை வைப்பதில்லை. நாம் ஓடுவதையும் டாக்டர் பார்ப்பதையும் அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். போனில் கேள்விப்பட்டு அரைமணி நேரம் கழித்து வருகிற சொந்தக்காரர்தான் ஆபத்து. நடந்தது எதையும் அவர் பார்த்திருக்க மாட்டார். பாதிப் பேர் குடித்துவிட்டும் வருவார்கள்.

எனக்கு நடந்ததும் அப்படித்தான். ஒரு ஜனவரி ராத்திரி, எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஐம்பது வயதுக்காரர் ஒருவரை ஜீப்பில் கொண்டு வந்தார்கள். நெஞ்சுவலி, உடம்பெல்லாம் வேர்வை. உடனே ஈசிஜி எடுத்தோம், மாரடைப்பு என்று தெளிவாகத் தெரிந்தது. முதலில் மாத்திரைகள் கொடுத்தோம். 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கொடுக்கிறார்களே, 2 ஆஸ்பிரின், 4 குளோபிடோக்ரல், 8 அட்டோர்வாஸ்டாடின், மொத்தம் 14 மாத்திரை, அதேதான். அடுத்தது ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி. ஆனால் அவருக்கு பிரஷர் 190/120. அந்த நிலையில் அதைப் போட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரலாம். அதனால் பிரஷரை இறக்க மருந்து கொடுத்துவிட்டு, டாக்டர் கோவைக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் ஆம்புலன்ஸ் இன்னொரு நோயாளியை இறக்கிவிட கீழே போயிருந்தது. அடுத்த 108 மலை ஏறி வர நேரமாகும் என்றார்கள்.

மருத்துவமாகப் பார்த்தால் அங்கே எல்லாமே சரியாக நடந்துகொண்டிருந்தது. வெளியே நிற்கிறவர் கண்ணுக்குத் தெரிந்ததோ வேறு. படுத்திருக்கும் நோயாளி, போனில் பேசும் டாக்டர், ஏதோ எழுதிக்கொண்டிருக்கும் நர்ஸ். அப்போதுதான் நோயாளியின் மச்சான் உள்ளே வந்தார். "ஒரு ஊசிகூட போடாம மாத்திரையைக் குடுத்து சாகடிக்கிறீங்களா?" என்று கத்தியவர், என் கழுத்தில் கிடந்த ஐடி கார்டு நாடாவைப் பிடித்து இழுத்தார். கழுத்து அறுபட்ட மாதிரி எரிந்தது. ஈசிஜி மிஷின் கீழே விழுந்தது. அவரை இழுத்துப் பிடித்து நிறுத்தியது யார் தெரியுமா? ஆரம்பத்திலிருந்து கூடவே நின்ற நோயாளியின் மகன். நோயாளி கோவை போய்ச் சேர்ந்து பிழைத்துக்கொண்டார்.

இதில் குடி ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குடியை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் தடுக்க ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும். மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று முடிவான நிமிஷத்துக்கும் வண்டி வருகிற நிமிஷத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் அசல் ஆபத்து. சமவெளியில் அது கொஞ்ச நேரம். இங்கே கொண்டை ஊசி வளைவு, பனிமூட்டம், ரோட்டில் யானை, மழைக்காலத்தில் மண்சரிவு என்று எது வேண்டுமானாலும் அதை நீட்டிவிடும். இன்னொன்று குளிர். வெளியே கதவில்லாத வராண்டாவில் இரவு யாரால் உட்கார முடியும்? பத்துப் பேர் வந்தால் பத்துப் பேரும் உள்ளேதான் வந்து ஒண்டுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்ட்ரெச்சரைச் சுற்றி பத்துப் பேர் நின்றால் ஒருவர் கத்தினாலே மற்றவர்களுக்கும் ஏறிவிடும்.

அதற்கப்புறம் எங்கள் வார்டில் சில பழக்கங்கள் வந்தன. வந்தவர்களில் நிதானமான ஒருவரைத் தேர்ந்தெடுத்து, எல்லாத் தகவலும் அவரிடம்தான் சொல்வோம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் சொல்வோம். "வண்டி இப்போ பர்லியார் தாண்டிடுச்சுண்ணா" என்றால்கூடப் போதும். அப்புறம், செய்கிற சிகிச்சையை வாய்விட்டுச் சொல்வது. "இந்த மாத்திரைதான் இப்போ உயிர் மருந்து. அந்த ஊசியை பிரஷர் இறங்காமல் போட்டால் மூளையில் ரத்தம் கசியும், அதனால்தான் நிறுத்தி வைத்திருக்கிறோம்" என்று முன்பே சொல்லிவிட வேண்டும். நம் ஜனங்களுக்கு ஊசியும் டிரிப்ஸும்தான் வைத்தியம். புதிதாக ஒரு சொந்தக்காரர் வந்தால், அந்த நிதானமான ஆளையே விட்டு வாசலில் வைத்து விவரம் சொல்லச் சொல்வோம். நான் பத்துத் தடவை சொல்வதும் அவர் ஒரு தடவை சொல்வதும் ஒன்று. வராண்டாவுக்குக் கதவு போட்டு பெஞ்சும் போட்ட பிறகு உள்ளே கூட்டம் தானாகவே குறைந்தது.

உங்கள் தங்கையிடம் இதையும் சொல்லுங்கள். ஐடி கார்டைக் கழுத்தில் மாட்ட வேண்டாம், கிளிப்பில் குத்தட்டும். சுவருக்கும் ஸ்ட்ரெச்சருக்கும் நடுவில் நிற்க வேண்டாம், கதவு தன் பக்கம் இருக்கட்டும். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, உட்காராமல் நடந்துகொண்டே இருப்பது, மேஜையைத் தாண்டி நம் பக்கம் வருவது, இதெல்லாம் கை நீள்வதற்கு முந்தின அடையாளங்கள். அதைப் பார்த்ததும் வாதாடாமல் டாக்டரையும் செக்யூரிட்டியையும் கூப்பிட வேண்டும். போலீசுக்கு யார் போன் செய்வது என்பதை டூட்டி ஆரம்பிக்கும்போதே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

"நர்ஸுகள் மட்டும் எரிந்து விழுவதில்லையா?" என்று யாராவது எழுதுவீர்கள். விழுகிறோம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்குப் புகார் கொடுக்க வழி இருக்கிறது. கழுத்தைப் பிடிப்பது அந்த வழி இல்லை. என் அண்ணன் பஸ் கண்டக்டர். சில்லறைக்கும் படிக்கட்டில் நிற்பதற்கும் அவர் வாங்காத வசவு இல்லை. கடைசி ட்ரிப்பில் குடித்தவர்களோடு தனியாக நிற்கிறவரும் அவர்தான். முடிவெடுக்கிறவர் மீதான கோபம் எப்போதும் எதிரில் நிற்கிறவர் மேல்தான் இறங்குகிறது.

எனக்கு இன்னும் ஆறாதது மறுநாள் காலையில் நடந்ததுதான். ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து "விடும்மா, நம்ம பையன்" என்றார். மேலே இருந்தவர்கள், "வேணும்னா நீயே உன் பேரில் எழுதிக் குடு" என்றார்கள். சின்ன ஊர். அந்தக் குடும்பத்தோடு நாளைக்கும் அதே பஸ்ஸில் போக வேண்டியவள் நான். அப்போது நான் ஒப்பந்த நர்ஸ் வேறு. எங்களை 2015-ல் எடுத்தபோது மாதம் 7,700 ரூபாய், இரண்டு வருடத்தில் காலமுறைச் சம்பளம் என்றார்கள். அந்த இரண்டு வருடம் எவ்வளவு நீண்டது என்று எங்களைக் கேட்டுப் பாருங்கள். வேலை நிரந்தரம் இல்லாதவள் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறுவாளா? கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள், ஆனால் புகார்கள் பதிவாகாமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டின் 48/2008 சட்டம், மருத்துவப் பணியாளர்களையும் மருத்துவமனைகளையும் தாக்குவதற்கு எதிரானது. டாக்டருக்கு மட்டுமல்ல, நர்ஸுக்கும் பொருந்தும். ஜாமீனில் விட முடியாத குற்றம், குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 10 வருடம் சிறை. புகாரில் இந்தச் சட்டத்தின் பெயரை எழுதாவிட்டால் சாதாரண வாய்த்தகராறு என்று வழக்குப் பதியாமல் சி.எஸ்.ஆர். ரசீதோடு முடித்துவிடுவார்கள். புகார் மருத்துவமனையின் பெயரில், பொறுப்பு அதிகாரியின் கையெழுத்தோடு போக வேண்டும். கொல்கத்தாவில் டூட்டியில் இருந்த பெண் டாக்டர் ஒருவர் மருத்துவமனையிலேயே கொல்லப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு, 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதாரத் துறை, இப்படி நடந்தால் 6 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே எஃப்.ஐ.ஆர். போட வைக்க வேண்டும் என்று மத்திய அரசு மருத்துவமனைகளுக்கு உத்தரவு போட்டது. உங்கள் தங்கை சேர்ந்த முதல் வாரமே, இங்கே யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளட்டும். சம்பவம் நடந்தால் அன்றே காயத்தை டாக்டரிடம் காட்டி, காயப் பதிவேட்டில் எழுத வைத்து, சிசிடிவி பதிவு அழிவதற்குள் அதை எடுத்துவைக்கச் சொல்லி எழுத்தில் கேட்க வேண்டும். புகாரின் நகல் ஒன்றை வீட்டில் வைத்திருக்கட்டும்.