இறுதி இருப்பில் 25,000 ரூபாய் வித்தியாசம்: எந்த முறை சரி?

"மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். மார்ச் 31 அன்று கிடங்கில் 50 மூட்டை துவரம் பருப்பு இருந்தது. முதலில் வந்தது முதலில் போகும் முறையில் ஒரு தொகையும், எடையிட்ட சராசரியில் வேறு தொகையும் வருகிறது. எதை எழுதுவது?"

இரண்டையும் வருமான வரிக் கணக்கு ஏற்கிறது. வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். ஏப்ரல் தொடக்க இருப்பு 40 மூட்டை, விலை 4,000 ரூபாய். ஜூலையில் 4,400 வீதம் 100 மூட்டையும், ஜனவரியில் 5,000 வீதம் 60 மூட்டையும் வாங்கினீர்கள். லாரி வாடகையும் இறக்குகூலியும் இந்த விலைகளுக்குள் அடக்கம். ஆக 200 மூட்டை, அடக்கம் 9,00,000 ரூபாய்.

முதல் முறையில் பழைய மூட்டைகள் முதலில் விற்றதாகக் கொள்வதால், மீதி 50-ம் ஜனவரி சரக்கு: 2,50,000. சராசரி முறையில் ஒரு மூட்டை 4,500: இருப்பு 2,25,000. 150 மூட்டையை 7,80,000-க்கு விற்றிருந்தால் மொத்த லாபம் முறையே 1,30,000, 1,05,000. விலை ஏறும் ஆண்டில் முதல் முறை லாபத்தைக் கூட்டிக் காட்டும். ஆனால் இந்த ஆண்டின் இறுதி இருப்புதான் அடுத்த ஆண்டின் தொடக்க இருப்பு. அதனால் அந்த 25,000 அடுத்த ஆண்டு செலவாகத் திரும்பிவிடும். வரி மிச்சமாவதில்லை, தள்ளித்தான் போகிறது.

சராசரியில் பலரும் தவறுவது ஓரிடத்தில்தான். மூன்று விலைகளையும் கூட்டி மூன்றால் வகுத்துவிடுகிறார்கள். 4,466.67 வரும், எத்தனை மூட்டை வாங்கினோம் என்பது அதில் சேரவே இல்லை. அந்த விலையை 200-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 8,93,333. கிட்டத்தட்ட 6,667 ரூபாயைக் காணோம். விற்ற சரக்கின் அடக்கமும் இறுதி இருப்பும் சேர்ந்து 9,00,000 வராவிட்டால் தாளில் பிழை இருக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். அடக்க விலை, விற்றால் செலவு போகக் கைக்கு வரும் விலை, இரண்டில் குறைந்ததையே எழுத வேண்டும். மார்ச் 31 அன்று மூட்டைக்கு 4,700-தான் தேறும் என்றால் முதல் முறையின் 2,50,000 நிற்காது, 2,35,000 ஆகும். சராசரியின் 2,25,000 அப்படியே இருக்கும்.

உங்கள் கிடங்கில் பழைய மூட்டையும் புதிய மூட்டையும் ஒரே அட்டியில் கலந்து கிடந்தால் சராசரியே பொருத்தம் என்பது என் கருத்து. எந்த மூட்டை எந்த பில்லில் வந்தது என்று தனித்தனியே வைத்திருந்தால் முதல் முறை நன்று. ஆனால் சென்ற ஆண்டு எந்த முறையில் முடித்தீர்கள் என்பதை முதலில் எடுத்துப் பாருங்கள். தக்க காரணம் இல்லாமல் முறையை மாற்ற முடியாது. லாபம் குறைவாகத் தெரிய வேண்டும் என்பது காரணமாகாது.