பிளாக் செய்தவரின் பழைய கமெண்ட் என்ன ஆகும்?

*இன்ஸ்டாகிராமில் வீட்டுப் பலகாரம் விற்கிறேன். நன்றாகப் பாராட்டி எழுதிக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளரோடு சண்டை வந்து பிளாக் செய்துவிட்டேன். அவருடைய பழைய கமெண்ட், லைக் எல்லாம் மற்றவர்களுக்குத் தெரியுமா? அன்பிளாக் செய்தால் திரும்புமா? இன்னொரு வாடிக்கையாளரின் கணக்கையே காணோம், அவர் எழுதியது?*

தெரியாது, திரும்பவும் வராது. இன்ஸ்டாகிராமில் ஒருவரை பிளாக் செய்தால், உங்கள் பதிவுகளில் அவர் போட்ட லைக்குகளும் கமெண்டுகளும் உங்கள் கண்ணுக்கு மட்டும் மறைவதில்லை, பதிவிலிருந்தே நீங்கிவிடுகின்றன. முறுக்குப் படத்துக்கு 40 லைக் இருந்து, அதில் ஒன்று அவருடையது என்றால், இனி யார் பார்த்தாலும் 39தான். அன்பிளாக் செய்த பிறகு அவரே வந்து மறுபடி லைக் போட்டால்தான் உண்டு.

ஆனால் இது உங்கள் பதிவுகளோடு சரி. உங்கள் இருவருக்கும் தெரிந்த தோழி ஒருவரின் படத்துக்குக் கீழே அவர் எழுதியதை மற்றவர்கள் எப்போதும் போலவே பார்ப்பார்கள். உங்கள் பிளாக் அங்கே செல்லாது.

காணாமல் போன கணக்கின் கதை வேறு. தற்காலிகமாக முடக்கியிருந்தால், அவருடைய கமெண்டும் லைக்கும் எல்லாருடைய பதிவுகளிலும் மறைந்திருக்கும். அவர் மீண்டும் உள்ளே நுழைந்ததும் பழைய இடத்திலேயே வந்துவிடும். நிரந்தரமாக நீக்கச் சொல்லியிருந்தால், மனம் மாற 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் உள்ளே நுழைந்து நீக்கத்தை ரத்து செய்யாவிட்டால் எல்லாம் போய்விடும். மற்றவர்கள் அவர் பெயரை @ போட்டுக் குறிப்பிட்டு எழுதியது மட்டும் அப்படியே நிற்கும், தட்டினால் பக்கம் வராது.

அவர் உண்மையிலேயே கணக்கை மூடினாரா, உங்களைத்தான் பிளாக் செய்தாரா? அவர் பெயரை வீட்டில் வேறு ஒருவரின் கணக்கிலிருந்து தேடிப் பாருங்கள். அங்கே வந்தால் உங்களை பிளாக் செய்திருக்கிறார். அங்கும் வரவில்லையென்றால் உடனே முடிவு கட்டாதீர்கள், பயனர் பெயரை மாற்றியிருக்கலாம். கமெண்ட் பெயரோடு அல்ல, கணக்கோடு இணைந்தது. அதனால் பெயர் மாற்றியவரின் பழைய கமெண்ட், புதுப் பெயரில் உங்கள் பதிவிலேயே இருக்கும். அவர் எழுதியது நினைவிருந்தால் அந்தப் பதிவைத் திறந்து பாருங்கள்.

வியாபாரப் பக்கத்துக்கு பிளாக்கை நான் அவ்வளவாகச் சொல்வதில்லை. தொல்லை தருபவரின் புரொஃபைலில் மேலே உள்ள மூன்று புள்ளியைத் தட்டி, 'Restrict' கொடுங்கள். அவருடைய பழைய பாராட்டு அப்படியே இருக்கும். இனி அவர் உங்கள் பதிவில் எழுதும் கமெண்ட், நீங்கள் அனுமதிக்கும்வரை மற்றவர்களுக்குத் தெரியாது. அவருக்கு மட்டும் வழக்கம்போலத் தெரியும். பிளாக்தான் செய்தாக வேண்டும் என்றால், வேண்டிய பாராட்டுகளை முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு அப்புறம் செய்யுங்கள்.