தடைக்கால மே மாதத்தோடு ஜூலையை ஒப்பிடாதீர்கள்

கேள்வி: எங்கள் நிறுவனர் வாட்ஸ்அப்பில் துள்ளலோடு அனுப்பும் செய்திகளை வைத்து முதலீட்டாளர்களுக்கான மாதக் கடிதத்தை நான் எழுத வேண்டும். பின்னடைவுகளை மறைக்காமல், நிதானமாக எழுதுவது எப்படி?

பதில்: காசிமேட்டில் மீன் வியாபாரிகளுக்கு ஐஸ் பெட்டிகளை வாடகைக்கு விடும் சிறு நிறுவனத்தில் கணக்கு வழக்கு என் பொறுப்பு. மாதக் கடிதமும் என் தலையில்தான். போன ஜூலை முடிந்ததும் நிறுவனர் தட்டிவிட்ட மூன்று செய்திகளையே எடுத்துக்கொள்கிறேன்.

“வருமானம் மே மாதத்தைப்போல் நான்கு மடங்கு!” பொய்யில்லை. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, பெட்டி கேட்டு வருவோரும் குறைவு. அதனால் முந்தைய ஆண்டு ஜூலையோடு ஒப்பிட்டேன். 5.4 லட்சம் 6.2 லட்சமாகியிருந்தது, ஏறக்குறைய 15 சதவீத வளர்ச்சி. அதுதான் கடிதத்தில் போனது. நான்கு மடங்கு என்று எழுதியிருந்தால், அடுத்த தடைக்காலச் சரிவுக்கு நானே விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.

“ஏற்றுமதிக்காரர் ஒருவர் 200 பெட்டி எடுக்கிறார்!” வாய்ப்பேச்சா, எழுத்தில் வந்த ஆர்டரா, பணமே வந்துவிட்டதா என்று கேட்டேன். 20 பெட்டிகளை இரண்டு வாரம் இலவசமாகச் சோதித்துப் பார்க்கிறாராம். அப்படியே எழுதினேன். 200 என்ற எண் கண்ணில் பட்டால் முதலீட்டாளர் அதை வரவில் சேர்த்துவிடுவார்.

“மூடியில் சின்னச் சிக்கல், சரிசெய்தாகிவிட்டது.” எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான். திரும்பி வந்த பெட்டிகளின் பதிவேட்டைப் புரட்டி, பட்டறைக்காரரிடம் பேசிய பிறகு எழுதிய பத்தி இது:

“ஜூலையில் வாடகைக்குப் போன 240 பெட்டிகளில் 38 திரும்பின. மூடியின் ரப்பர் பட்டை ஒட்டு விட்டதால், பெங்களூரு போய்ச் சேரும் முன்பே ஐஸ் கரைந்தது. 41,000 ரூபாய் வாடகையைத் திருப்பிக் கொடுத்தோம். 22 பெட்டிகளுக்குப் பட்டை மாற்றியாகிவிட்டது. மீதி 16 ஆகஸ்ட் 20-க்குள் முடியும். புதிய பட்டை தாங்குகிறதா என்பது செப்டம்பரில்தான் தெரியும்.”

“அண்ணா, கடைசி வரி மட்டும் வேண்டாமே” என்றார் நிறுவனர். நான் எடுக்கவில்லை. பட்டை மறுபடி கழன்றால், அந்த வரி இருக்கும்போது அது ஒரு தகவல். இல்லாதபோது நாம் மறைத்த விஷயம். இந்தப் பத்தியை வருமானத்தைச் சொல்லும் வரிக்கு அடுத்தே வைத்தேன், கடிதத்தின் அடியில் அல்ல. திரும்பிய பெட்டிகளின் எண்ணிக்கை இனி ஒவ்வொரு மாதமும், ஏறினாலும் இறங்கினாலும், அதே இடத்தில் வரும்.

நிறுவனர்கள் செய்தியில் சொல்லாமல் விடுவது கையிருப்பு. எங்கள் வங்கிக் கணக்கில் 21 லட்சம் இருந்தது. அதில் 4 லட்சம் வியாபாரிகளின் முன்பணம், திருப்பித் தர வேண்டியது. மீதி 17 லட்சத்தை, வரவு போக மாதம் கையைக் கடிக்கும் 3.4 லட்சத்தால் வகுத்தால் ஐந்து மாதம். இவ்வளவு கனமான செய்தியை முதலீட்டாளர் கடிதத்தில்தான் முதன்முதலாகப் படிக்கிறார் என்றால் அது சரியல்ல. கடிதம் போவதற்கு முந்தைய நாளே நிறுவனர் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும்.